வனத்து அந்தோணியாரும் ஒரு பசு மாடும்: மடங்களின் தொடக்கத்தைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம் ஊர்க் கத்தோலிக்கர்களுக்கு இரண்டு அந்தோணியார்களைத் தெரியும். கையில் குழந்தை இயேசுவோடு நிற்பவர் பதுவை அந்தோணியார், 13-ஆம் நூற்றாண்டுக்காரர். ஜனவரி 17 அன்று திருநாள் கொண்டாடப்படுபவர் வனத்து அந்தோணியார். எகிப்துக்காரரான இவர் சுமார் 251-ல் பிறந்து 356-ல் இறந்தவர். இருவரையும் குழப்பிக்கொள்வது சின்னத் தவறு, திருத்துவதும் எளிது. ஆனால் 'வனத்து' என்ற சொல்லே நம்மைக் கொஞ்சம் ஏமாற்றிவிடுகிறது. வனம் என்றதும் மரங்களும் ஓடையும் பர்ணசாலையும் மனதில் வந்துவிடும். அவர் போனது மணலும் பாறையுமான பாலை.

அந்தப் பாலையும் நாம் நினைப்பதுபோல ஊரிலிருந்து பல நாள் பயணத்தில் இருந்ததல்ல. நைல் ஆற்றின் இரு கரையிலும் வயல்கள் ஒரு பட்டையாக ஓடும். தண்ணீர் பாயும் இடம் முடிந்ததுமே பாலை தொடங்கிவிடும். வயலில் வேலை செய்கிறவருக்குத் துறவியின் குகை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில்கூட இருக்கலாம். துறவி கூடையும் கயிறும் பின்னி விற்றார், அறுவடைக்குக் கூலிக்குப் போனார். இது தெரியாமல் படித்தால், இவர்களைத் தேடி இத்தனை பேர் எப்படி வந்தார்கள் என்பதே புரியாது.

அடுத்த தவறு, அந்தோணியார்தான் முதல் துறவி என்பது. அவருடைய வாழ்க்கையை எழுதிய அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸே அப்படிச் சொல்லவில்லை. பெற்றோர் இறந்த பிறகு, கோயிலில் வாசிக்கப்பட்ட நற்செய்தியைக் கேட்டு அந்தோணியார் தன் நிலத்தை ஊராருக்குக் கொடுத்துவிடுகிறார். 300 அரூரா, அதாவது ஏறக்குறைய 200 ஏக்கர் நல்ல விளைநிலம். தங்கையை, ஏற்கெனவே கன்னிமை வாழ்வில் இருந்த பெண்களிடம் ஒப்படைக்கிறார். பிறகு பக்கத்து ஊரில் இளமை முதலே தனித்து வாழ்ந்துவந்த ஒரு முதியவரைப் பார்த்துப் பழகுகிறார். அப்படியானால் துறவு அவருக்கு முன்பே இருந்தது, பெண்களிடமும் இருந்தது. ஆனால் அது ஊர் ஓரத்திலேயே இருந்தது. அதை உள்பாலைக்குக் கொண்டுபோனதுதான் அந்தோணியார் செய்த புதுமை.

ஊரோடு ஒட்டி வாழ்ந்த இப்படிப்பட்ட துறவி எப்படி இருந்தார் என்பதற்கு எனக்குப் பிடித்த சாட்சி ஒரு மாட்டுச் சண்டை. எகிப்தின் ஃபயூம் பகுதியில் கரானிஸ் என்ற ஊரில் இசிதோரோஸ் என்ற விவசாயி இருந்தார். 324 ஜூன் மாதம் அதிகாரிக்கு அவர் எழுதிய புகார் மனு பாப்பிரஸில் கிடைத்திருக்கிறது. அண்டை ஆட்களின் பசு அவர் பயிரைத் திரும்பத் திரும்ப மேய்ந்திருக்கிறது. அதைப் பிடித்து ஊருக்கு ஓட்டிக்கொண்டு வரும்போது, சொந்தக்காரர்கள் வழிமறித்து, தடியால் அடித்துக் கீழே தள்ளிவிட்டு மாட்டைக் கொண்டுபோய்விட்டார்கள். திருத்தொண்டர் அந்தோனினோஸும் 'மொனாகோஸ்' ஈசாக்கும் அந்த வழியாக வந்து காப்பாற்றியிருக்காவிட்டால் என் உயிரே போயிருக்கும் என்கிறார். துறவி என்ற பொருளில் 'மொனாகோஸ்' என்ற சொல் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய ஆவணம் இதுதான். அந்தச் சொல்லுக்கு அவர் விளக்கம் எதுவும் தரவில்லை. அதிகாரிக்கே புரியும் அளவுக்கு அது அப்போது சாதாரணச் சொல். ஈசாக்கும் குகையில் இல்லை, சபை ஊழியர் ஒருவரோடு வயல் வழியே நடந்து வருகிறார்.

சரி, காரணத்துக்கு வருவோம். 'கான்ஸ்டன்டைன் காலத்தில் சபைக்கு அரச ஆதரவு கிடைத்தது, சபை சொகுசானது, மனம் வெறுத்தவர்கள் பாலைக்கு ஓடினார்கள்' என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஆண்டுகள் ஒத்துவரவில்லை. அந்தோணியார் துறவு பூண்டது சுமார் 270-ல். பெரிய வேதகலாபனை தொடங்கியதே 303-ல்தான். எகிப்து கான்ஸ்டன்டைன் கைக்கு வந்தது 324-ல். அந்த ஆண்டில் ஈசாக்கு ஏற்கெனவே ஊரறிந்த துறவி. அரச ஆதரவு வந்த பிறகு துறவிகளின் எண்ணிக்கை பெருகியது உண்மைதான். பெருகியதற்கான காரணத்தைத் தோன்றியதற்கான காரணமாகச் சொல்வதில்தான் கோளாறு.

இதே போலத்தான் 'முதலில் தனித்துறவிகள், அவர்களுக்குப் பிறகு மடங்கள்' என்ற வரிசையும். மடங்களின் தந்தை என்று சொல்லப்படும் பக்கோமியுஸ் இறந்தது 346-ல். அந்தோணியார் இறந்தது அதற்குப் பத்தாண்டு கழித்து. இருவரும் ஒரே காலத்தவர்கள். பக்கோமியுஸ் முதல் மடத்தைத் தாபென்னேசியில் தொடங்கியது சுமார் 323-ல். அந்த இடமும் நைல் கரையில் ஆள் விட்டுப்போன ஒரு கிராமம்தான், நடுப்பாலை இல்லை.

தனித்துறவிகளை ஒரே மதிலுக்குள் கூட்டி வைத்தால் மடம் ஆகிவிடும் என்று நினைப்பதும் தவறு. பக்கோமியுஸே முதலில் ஏறக்குறைய அப்படித்தான் முயன்றார். வந்தவர்கள் ஒவ்வொருவரும் தம் வருமானத்தைத் தாமே வைத்துக்கொண்டு, சாப்பாட்டுச் செலவுக்குத் தங்கள் பங்கை மட்டும் அவரிடம் கொடுத்தார்கள். அவர் சமைத்துப் போட்டு வேலைக்காரர்போல எல்லோருக்கும் ஊழியம் செய்தார். அவருடைய பணிவைப் பார்த்து அவர்கள் திருந்தவில்லை, அவரை இளக்காரமாக நடத்தினார்கள். சில ஆண்டுகள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர்களை வெளியே அனுப்பிவிட்டார்.

அப்புறம் கட்டியதில்தான் அந்தத் தோல்வியின் பாடம் தெரிகிறது. தனிச் சொத்து கிடையாது, சம்பாத்தியம் முழுவதும் பொது. மதிலுக்குள் பல வீடுகள், வீட்டுக்கு ஒரு தலைவர், அவருக்குத் துணையாக இன்னொருவர். நெசவாளர், பாய் முடைவோர், செருப்புத் தைப்போர் என்று தொழில்வாரியாகப் பிரித்தார்கள். புதிதாக வருகிறவர் எழுத்துத் தெரியாதவராக இருந்தால் படித்தே ஆகவேண்டும், விருப்பம் இல்லாவிட்டாலும். வேதத்தில் ஒரு பகுதியாவது மனப்பாடம் இருக்கவேண்டும். ஆண்டுக்கு இருமுறை எல்லா மடத்தாரும் தலைமை மடமான ப்போவில் கூடினார்கள். ஒன்று பாஸ்கா விழாவுக்கு, மற்றது ஆகஸ்டில் கணக்கு ஒப்படைக்க. அவர் இறக்கும்போது ஆண்களுக்கு ஒன்பது மடங்களும் பெண்களுக்கு இரண்டும் இருந்தன. ஒன்பதில் சில, வேறு சிலர் முன்பே நடத்திவந்து பிறகு இவரோடு சேர்ந்தவை. அதனால் கூட்டு வாழ்வையும் அவர்தான் கண்டுபிடித்தார் என்று சொல்லிவிட முடியாது. பல மடங்களை ஒரே ஒழுங்கில் கோத்தது அவர் என்று சொல்லலாம்.

எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டால் கொஞ்சம் கவனம். பாஸ்காவுக்கு 50,000 பேர் கூடினார்கள் என்கிறார் ஜெரோம். ஏறக்குறைய அதே காலத்தில் எகிப்தியத் துறவிகளைப் பற்றி எழுதிய பல்லாதியுஸ் மொத்தமே 7,000 என்கிறார். இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பெரியதைத்தான் பிடிப்பார்கள்.

இன்னொன்று. தனியாக இருப்பது, கூடி வாழ்வது என்று இரண்டே கட்டங்களில் எல்லோரையும் அடைத்துவிட முடியாது. எகிப்தின் வடக்கே நித்திரியாவில் துறவிகள் பெருகி இரைச்சலானபோது, அமைதி தேடியவர்களுக்குப் புது இடம் பார்க்க அந்தோணியாரும், நித்திரியாவில் துறவு வாழ்வைத் தொடங்கிய அமூனும் சேர்ந்து போனதாக ஒரு பழைய கதை உண்டு. பிற்பகல் மூன்று மணிக்குச் சாப்பிட்டுவிட்டு நடக்கத் தொடங்கினார்கள். சூரியன் மறைந்த இடத்தில் சிலுவையை நட்டார்கள், சுமார் 12 மைல் தூரத்தில். 338-ல் அமைந்த கெல்லியா, அதாவது 'அறைகள்', அந்த இடம்தான். ஒருவர் குரல் அடுத்தவர் அறைக்குக் கேட்காத தூரத்தில் அறைகள், சனி ஞாயிறு மட்டும் எல்லோரும் கோயிலில். நித்திரியாவிலிருந்து ஏன் அந்த 12 மைல் தூரம் என்பதற்கு அந்தோணியார் சொன்ன காரணம்: இங்கிருப்பவர் அங்கேயும் அங்கிருப்பவர் இங்கேயும் பார்க்கப் போகவேண்டுமானால், சாப்பிட்டுக் கிளம்பி இருட்டுவதற்குள் போய்ச் சேரலாம்.