பிளாங்க் 0.000 காட்டியும் கணக்கு தப்பியது

நைட்ரேட்டை ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில், 220 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் அளந்தேன். நைட்ரேட் இல்லாத பிளாங்க் 0.000 என்றே வந்தது. ஆனால் செறிவு தெரிந்த கரைசலான ஸ்டாண்டர்டின் செறிவைக் கூட்டியும் அளவீடு ஏறவில்லை, தள்ளாடியது.

கரைசலை ஊற்றி வைக்கும் குவெட்டை வைக்காமல் காற்றில் பூஜ்யமாக்கி, அப்புறம் நீர் நிரப்பிய குவெட்டை வைத்துப் பார்த்தேன். ஒளி உறிஞ்சளவு 2-க்கு மேல்! அது பிளாஸ்டிக் குவெட். புற ஊதா ஒளியை அதுவே விழுங்கிவிட்டது. கருவிக்குள் வழிதவறி வந்து மிஞ்சிய சிதறொளியைத்தான் கருவி முழு ஒளியாக எடுத்துப் பூஜ்யம் காட்டியிருக்கிறது. கண்ணாடியும் இங்கே உதவாது, குவார்ட்ஸ்தான் வேண்டும். குவார்ட்ஸ் குவெட்டில் நீர் 0.1-க்குள் வந்தது. பிளாங்கையும் அதே குவெட்டில், அதே பக்கம் திருப்பி, ஸ்டாண்டர்டில் சேர்த்த அமிலத்தையும் சேர்த்தே வைத்தேன்.

இப்போது செறிவுக்கு எதிரான அளவீட்டுக் கோடு நேரானது, ஆனால் மேல்முனை மட்டும் வளைந்தது. உச்ச ஸ்டாண்டர்டைப் பாதியாக நீர்க்கச் செய்தேன். அளவீடு பாதிக்கு மேலேயே நின்றது. சிதறொளிச் சந்தேகம் வந்தது. லிட்டருக்கு 12 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரைசலை, நீரைப் பிளாங்காக வைத்து, அது ஒளியை ஏறக்குறைய முழுதும் விழுங்கும் 198 நானோமீட்டரில் அளந்தேன். 2-ஐத் தாண்ட வேண்டியது 1.7-இலேயே நின்றது, அதாவது சுமார் 2 சதவீதச் சிதறொளி. குவெட் அறையின் மூடி சரியாகத்தான் மூடியிருந்தது. புற ஊதா ஒளி தரும் டியூட்டீரியம் விளக்குதான் தேய்ந்திருந்தது. புதியது மாட்டியதும் 2.4 வந்தது, வளைவும் போனது.