ஒரே முகூர்த்தம், இரண்டு அழைப்புகள்

சிராங்கூன் சாலைக் கோயிலில் மாமா மகளின் திருமணம்; உட்லண்ட்சில் சித்தப்பாவின் புதிய வீவக வீட்டுப் புதுமனை புகுவிழா. இரண்டும் ஞாயிறு காலை ஒன்பதரைக்கு.

இரண்டுக்கும் ஓடலாம் என்றால் ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். மனைவியை ஓரிடத்துக்கு அனுப்பினால் அந்த இடம் இரண்டாம் தரமாகிவிடும். (இதை அவரிடம் சொல்லவில்லை.) உடம்பு சரியில்லை எனலாம்; ஆனால் திருமணப் படம் மாலைக்குள் குடும்ப வாட்ஸ்அப்பில் வந்துவிடும். மூன்று நாள் இப்படியே போயிற்று.

பழைய செய்திகளைப் புரட்டினேன். சித்தப்பாவின் அழைப்பு வருவதற்கு நான்கு நாள் முன்பே திருமண அழைப்புக்கு "வருகிறோம்" என்று பதில் அனுப்பியிருந்தேன். அப்படியென்றால் தேதியே முடிவு செய்துவிட்டது.

சாப்பாட்டுக்கு ஆள் கணக்குக் கொடுப்பதற்குள் சித்தப்பாவை அழைத்தேன். "அந்த நேரத்துக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டேன், சித்தப்பா. அடுத்த சனிக்கிழமை மாலை வரட்டுமா?" யாருக்கு வாக்கு என்பதை நானாகச் சொல்லவில்லை, சொன்னால் ஒப்பீடு தொடங்கிவிடும். கேட்டிருந்தால் மறைத்திருக்க மாட்டேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "எத்தனை பேர் வருகிறீர்கள்?"