தொண்டை ஸ்வாபில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ்: முதலில் வளையம், பிறகு குழு

தொண்டைவலியும் காய்ச்சலுமாக வந்த ஏழு வயதுச் சிறுவனின் ஸ்வாப் ஆய்வகத்துக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா இருக்கிறதா, இருந்தால் எந்தக் குழு என்று பார்க்க வேண்டும்.

முதல் நாள்: 5 சதவீதம் செம்மறியாட்டு இரத்தம் சேர்த்த அகார் தட்டின் ஓரத்தில் ஸ்வாபைத் தேய்த்து, லூப்பால் கோடுகளாகப் பரப்புங்கள். கடைசியில் லூப்பைச் சாய்த்து அகாருக்குள் இரண்டு மூன்று இடங்களில் குத்துங்கள். இதைத் தவிர்க்காதீர்கள். சிவப்பணுக்களைச் சிதைக்கும் ஸ்ட்ரெப்டோலைசின் ஓ, ஆக்சிஜன் பட்டால் செயலிழந்துவிடும். சிவப்பணுக்கள் சிதைவதால் காலனியைச் சுற்றி உண்டாகும் வளையம், மேற்பரப்பில் மங்கலாகத் தெரிந்தாலும் குத்திய இடத்தில் பளிச்சென்று தெரியும். பிறகு தட்டை 35 முதல் 37 டிகிரி செல்சியஸில் இரவு முழுதும் வையுங்கள்.

மறுநாள் தட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள். காலனியைச் சுற்றிப் பச்சை படர்ந்திருந்தால் ஆல்பா. அகாரில் மாற்றமே இல்லையென்றால் காமா. சிவப்பு முற்றிலும் கரைந்து கண்ணாடிபோல் தெளிந்திருந்தால் பீட்டா. சந்தேகமாக இருந்தால் காலனியை லூப்பால் ஒதுக்கி, அதன் அடியில் பாருங்கள். பி குழு ஸ்ட்ரெப்டோகாக்கஸின் பீட்டா வளையம் பெரும்பாலும் காலனியை விட்டு அதிகம் வெளியே வராது. ஒதுக்காமல் பார்ப்பவர் அதைக் காமா என்று எழுதிவிடுவார்.

நம் சிறுவனின் தட்டில், வாயில் இயல்பாக வாழும் பச்சை வளையக் காலனிகளுக்கு நடுவே, குண்டூசித் தலையைவிடச் சிறிய சில காலனிகள் அகன்ற தெளிந்த வளையத்தோடு நிற்கின்றன. முதலில் கேட்டலேஸ் சோதனை: ஹைட்ரஜன் பெராக்சைடில் குமிழி வரக் கூடாது. பழகிய புதிதில் நான் காலனியோடு அகாரையும் சுரண்டி எடுத்து, குமிழியைக் கண்டு ஸ்டஃபைலோகாக்கஸ் என்று முடிவு கட்டினேன். குமிழி வந்தது சிவப்பணுக்களில் இருந்த கேட்டலேஸால். மேலோட்டமாகத் தொட்டு எடுங்கள்.

இனி குழு. 1933-இல் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்ட், பீட்டா வகைகளைச் செல் சுவரிலுள்ள கார்போஹைட்ரேட்டைக் கொண்டு ஏ, பி முதலான குழுக்களாகப் பிரித்தார். இன்று அதே வேலையை லேடெக்ஸ் சோதனைப் பெட்டி செய்கிறது. பீட்டா காலனிகளை மட்டும் மீண்டும் பரப்பித் தூய வளர்ப்பு எடுங்கள். அதில் சில காலனிகளைப் பிரித்தெடுப்புத் திரவத்தில் கலந்து, பெட்டியில் சொன்ன நேரம் வையுங்கள். கார்போஹைட்ரேட் சுவரை விட்டுத் திரவத்துக்கு வந்துவிடும். அட்டையின் ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு துளி விட்டு, அந்தந்தக் குழுவுக்கான எதிர்ப்பொருள் பூசிய லேடெக்ஸ் துகள்களைக் கலந்து மெல்ல ஆட்டுங்கள். ஒரு வட்டம் மட்டும் திரிந்த பால்போல் குருணையாகப் பிரியும். எல்லா வட்டங்களும் திரிந்தால் முடிவை எழுதாதீர்கள். வளர்ப்பு தூய்மையாக இருக்காது, அல்லது லேடெக்ஸ் கெட்டிருக்கும்.

நமக்கு ஏ வட்டம் திரிந்தது. உடனே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பையோஜீன்ஸ் என்று எழுதலாமா? ஆஞ்சினோசஸ் என்ற வேறொரு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொகுதியின் சில வகைகளிலும் ஏ கார்போஹைட்ரேட் உண்டு; அவற்றின் காலனி ஊசி முனை அளவே இருக்கும், ஒரு நொதியைக் கண்டறியும் பி.ஒய்.ஆர். சோதனையில் நிறம் மாறாது. அந்தச் சோதனையில் சிறுவனின் காலனி நொடிகளில் சிவந்தது. பையோஜீன்ஸ் என்றே அறிக்கை போகிறது.