கஷ்டமான வருஷத்துக்குப் பிறகு வரும் திருமண நாள்: நாலு வரி கேப்ஷன் எழுதுவது எப்படி

சேலத்தில் போட்டோ ஃபிரேம் கடை வைத்திருப்பவனிடம் ஃபிரேமை விட அதிகமாகக் கேட்கப்படுவது, "அண்ணா, கீழே போட நாலு வரி எழுதிக் கொடுங்க" என்பதுதான். பிறந்த நாள், காதுகுத்துக்கெல்லாம் ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடலாம். திருமண நாள் கொஞ்சம் நேரம் எடுக்கும். அதிலும் போன வருஷம் வீட்டில் அடிபட்டிருந்தால், எதைச் சொல்வது, எதை விடுவது என்றே பாதி நேரம் போய்விடும். அந்த வகைக்கு மட்டும் படிப்படியாக இங்கே எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு ஒரு ஜோடி. சொல்லலாம் என்று அவர்களே சம்மதித்தார்கள். அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன். கணவர் செவ்வாய்ப்பேட்டை பக்கம் சின்னதாகக் கொலுசுப் பட்டறை வைத்திருந்தவர். வெள்ளி விலை ஏற ஏற ஆர்டர் குறைந்து, பட்டறை நின்றுபோனது. மனைவியின் வளையல் அடகுக்குப் போனது. மனைவி புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தார். நடுவில் சண்டை முற்றி, ஆத்தூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வந்தார். இப்போது எட்டாவது திருமண நாள். ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்ற வியூ பாயின்ட்டில் எடுத்த ஒரு படம் கையில் இருக்கிறது, இன்ஸ்டாகிராமில் போட வேண்டும்.

மனைவி முதலில் எழுதி வந்தது இது:

"இன்று எங்கள் 8-ஆவது திருமண நாள். ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளைப் போல எத்தனை திருப்பங்கள்! யார் கூட நின்றார்கள், யார் கைவிட்டார்கள் என்று புரிந்துகொண்டோம். என் உயிரே, நீங்கள் இல்லாமல் நான் இல்லை."

படி 1: யார் படிக்கப் போகிறார்கள் என்று பாருங்கள்

கணவருக்காகத்தான் எழுதுகிறோம். ஆனால் மாமியார் படிப்பார், நாத்தனார் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்ப குரூப்பில் போடுவார், கடன் கொடுத்தவரும் பார்ப்பார். அதனால் எழுதும் முன் ஒரு தாளில் இந்த வருஷம் நடந்ததை எல்லாம் இறக்கிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி கேளுங்கள்: நாளைக் காலையில் பெரியம்மா போன் செய்து இதைப் பற்றி விசாரித்தால், தயங்காமல் பதில் சொல்ல முடியுமா?

இந்த ஜோடிக்குப் பட்டறை நின்றது தெருவுக்கே தெரியும், அது தேறியது. வளையல் அடகு அம்மா வீட்டுக்குத் தெரியாது, அடித்தாயிற்று. ஆத்தூர் போனது இரண்டு குடும்பத்துக்கும் தெரியும். ஆனாலும் போனில் அதைப் பேச ஆரம்பித்தால் அப்பா, மாமனார் என்று நாலு பேர் உள்ளே வருவார்கள். அதுவும் அடித்தாயிற்று. உண்மையாக எழுதுவது என்றால் எல்லாவற்றையும் எழுதுவது இல்லை. எழுதின வரி பொய்யாக இல்லாமல் இருந்தால் போதும்.

படி 2: பாதி மூடிய வரிகளை வெட்டுங்கள்

அவர் எழுதி வந்ததில் ரொம்ப ஆபத்தான வரி, "யார் கைவிட்டார்கள் என்று புரிந்துகொண்டோம்" என்பது. எழுதியவர் மனதில் இருந்தது பாக்கிப் பணம் தராத ஒரு வியாபாரி. படிக்கும் மைத்துனருக்கோ, "போன மாசம் கேட்டப்ப நான் இல்லைன்னு சொன்னேனே, என்னையா?" என்று தோன்றும். பெயர் சொல்லாமல் குத்தினால் குத்து எல்லார் மேலும் விழும். "சில சோதனைகள்", "சொல்ல முடியாத வலிகள்" போன்றவையும் இதே ஜாதிதான். மூடி வைத்துக்கொண்டு லேசாகத் திறந்து காட்டினால், ஊர் வந்து எட்டிப் பார்க்கத்தான் செய்யும். கஷ்டத்தைச் சொல்வதானால் பட்டென்று ஒரே வாக்கியத்தில், பொருளின் பெயரோடு சொல்லிவிடுங்கள்: "பட்டறையை மூடின வருஷம் இது." கேட்பதற்கு இதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று படிப்பவருக்கே தெரிந்துவிடும். காரணம், யார் தப்பு, எவ்வளவு நஷ்டம், எதுவும் வேண்டாம்.

கொண்டை ஊசி வளைவும் போகட்டும். ஏற்காட்டில் படம் எடுத்த சேலத்துக்காரர்களில் பாதிப் பேர் அதைத்தான் எழுதுகிறார்கள். "நீங்கள் இல்லாமல் நான் இல்லை" பொய் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அது எந்த வீட்டுக்கும் பொருந்தும் வரி.

படி 3: ஒரு சின்னச் செயலைப் பிடியுங்கள்

வேலையே இங்கேதான். "அவர் ரொம்ப சப்போர்ட்டா இருந்தாரு" என்பதை வைத்து ஒன்றும் எழுத முடியாது. நான் கேட்டது, "சண்டையா இருந்தப்பவும் அவர் நிறுத்தாம செஞ்சது எதாவது இருக்காம்மா?" என்று. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ராத்திரி கடை விட்டு வர்றப்ப ஒன்பதரை ஆயிடும்ணா. தாதகாப்பட்டி கேட் ஸ்டாப்புல வண்டிய நிறுத்திட்டு நிப்பாரு. பேசமாட்டாரு. நானும் பேசமாட்டேன். ஏறி உக்காந்துக்குவேன், வீட்டுக்கு வந்துருவோம்."

இது போதும். இதில் சண்டையும் இருக்கிறது, சண்டையைத் தாண்டி நின்ற ஒன்றும் இருக்கிறது, யாரும் அழவில்லை.

உங்களுக்குத் தேடும்போது இப்படிப் பாருங்கள்: கண்ணால் பார்க்கக்கூடிய செயலாக இருக்க வேண்டும், திரும்பத் திரும்ப நடந்திருக்க வேண்டும், செய்தவர் அதைப் பெரிதாக நினைத்திருக்கக் கூடாது. மருந்துச் சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்தது, வட்டி கட்டும் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டது, இப்படி ஏதாவது. ஒரே தடவை நடந்த பெரிய தியாகத்தை எடுத்தால் வரி தானாகவே சினிமா வசனம் ஆகிவிடும்.

படி 4: கணக்குத் தீர்க்காதீர்கள்

"உங்களை மன்னித்துவிட்டேன்", "எவ்வளவோ பொறுத்துக்கொண்டேன்" இரண்டையும் ஊர் முன்னால் சொல்லக் கூடாது. பாராட்டு மாதிரி தொடங்கி, அவர் தப்பு செய்தவர் என்று அறிவித்து முடிகிறது. "நாங்கள் சண்டை போட்டோம்" என்றால் இரண்டு பேருக்கும் பங்கு. "என்னோடு சண்டை போட்டார்" என்றால் ஒருவர் மேல் வழக்கு.

அடுத்தவர் செய்ததை ஒரு வரி சொன்னால், இப்போது வீடு எப்படி ஓடுகிறது என்று ஒரு வரி வையுங்கள். இவர்கள் வீட்டில் இப்போது சாம்பார் கணவர் பொறுப்பு. உப்பு ஒருநாள் கூட, ஒருநாள் குறைய. "அதை எழுதலாமா?" என்று மனைவி கேட்டார். தாராளமாக எழுதலாம். இளைத்துப்போன வருஷத்தைப் பற்றிப் பேசும்போது லேசான கேலி இருந்தால்தான் இரண்டு பேரும் தேறிவிட்டார்கள் என்று படிப்பவருக்குத் தெரியும்.

படி 5: முதல் வரியைக் கவனியுங்கள்

இன்ஸ்டாகிராமில் கேப்ஷன் 2,200 எழுத்து வரை போகலாம். ஆனால் நீளமானால் ஃபீடில் ஏறக்குறைய முதல் 125 எழுத்துதான் தெரியும், மீதி `more` என்பதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். போனைப் பொறுத்து இது கொஞ்சம் கூடும் குறையும். தமிழில் இன்னொரு சிக்கல்: நாம் ஓர் எழுத்து என்று படிப்பதை மெஷின் பல சமயம் இரண்டாக எண்ணும், புள்ளிக்கும் துணைக்காலுக்கும் தனிக் கணக்கு. "ஸ்டாப்புல" நமக்கு ஐந்து எழுத்து, அதற்கு ஒன்பது. ஆக, கையில் இருப்பது பதினைந்து சொல்லுக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதை "இன்று எங்கள் 8-ஆவது திருமண நாள்" என்று செலவு செய்ய வேண்டாம். எத்தனை வருஷம் என்பது கடைசியில் வந்தாலும் குறைவில்லை. அந்தச் செயல் முதலில் வரட்டும்.

பேச்சுத் தமிழா, எழுத்துத் தமிழா? வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறீர்களோ அப்படி எழுதுங்கள். இந்த அம்மா கணவரை "வாங்க, போங்க" என்றுதான் பேசுவார், அதனால் "நின்னீங்க". "நின்றீர்கள்" என்று போட்டால் கல்யாணப் பத்திரிகை வாசனை வருகிறது. நேற்று வரை "மாமா" என்று கூப்பிட்டுவிட்டு கேப்ஷனில் மட்டும் "என் உயிரே" என்றால் அவருக்கே கூச்சமாக இருக்கும்.

படி 6: போடும் முன் அவரிடம் காட்டுங்கள்

சர்ப்ரைஸ் எல்லாம் நல்ல வருஷத்துக்கு வைத்துக்கொள்ளலாம். இந்த வருஷத்துக் கேப்ஷனை இரண்டு பேரும் படித்த பிறகே போட வேண்டும். அதுவும் படித்துக் காட்டாமல், போனைக் கையில் கொடுத்துவிடுங்கள். முகத்தைப் பார்த்துக்கொண்டு "இது வேண்டாம்" என்று சொல்வது கஷ்டம்.

கணவர் கடைக்கு வந்து படித்தார். சண்டை வரியில் ஏதாவது சொல்வார் என்று நினைத்தோம், ஒன்றும் சொல்லவில்லை. விரலை வைத்த இடம் "மூடின" என்ற சொல். "மூடலைங்க, நிறுத்தி வெச்சிருக்கேன். மெஷின் எல்லாம் அங்கதான் இருக்கு" என்றார். மாற்றினோம். அவர் திரும்பத் திறக்க நினைப்பது மனைவிக்கே அப்போதுதான் சரியாகத் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

கடைசியில் போனது இது:

"பேசாத நாள்லயும் ராத்திரி கேட் ஸ்டாப்புல வண்டியோட நின்னீங்க.
பட்டறையை நிறுத்தி வெச்ச வருஷம் இது.
சண்டையும் போட்டோம், சாம்பாரும் கத்துக்கிட்டீங்க. உப்புதான் இன்னும் பிடிபடல.
எட்டு வருஷம் ஆச்சுங்க. வண்டில பெட்ரோல் இருக்கட்டும்."

முதல் வரி 59 எழுத்து, இரண்டாவதையும் சேர்த்தால் 95. `more` தட்டாதவர்களுக்கும் விஷயம் போய்விடும்.

படம் பற்றி ஒரு வார்த்தை. லேடீஸ் சீட்டில் கட்டிப்பிடித்து, பின்னால் சேலத்து விளக்கெல்லாம் மின்னும் படம்தான் முதலில் எடுத்து வைத்திருந்தார்கள். இந்த வரிகளுக்கு அது கொஞ்சம் அதிகம். அதே நாளில் வண்டிப் பக்கத்தில் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற படம் ஒன்று இருந்தது, வெளிச்சம் சுமார்தான். அதைப் போடச் சொன்னேன்.

படி 7: வரும் கேள்விக்குப் பதில் தயாராக இருக்கட்டும்

"என்னாச்சும்மா, பட்டறை?" என்று கமென்ட்டில் யாராவது கேட்பார்கள். "நல்லாயிருக்கோம் அத்தை, நேர்ல வர்றப்ப சொல்றேன்" என்று ஒரே பதிலை எல்லாருக்கும் போடுங்கள். கமென்ட்டில் விளக்க ஆரம்பித்தால் படி 1-இல் அடித்ததெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்துவிடும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வைப்பதானால் அது 24 மணி நேரத்தில் போய்விடும். அதற்குள்ளும் பார்க்க வேண்டாத ஆள் இருந்தால் ஸ்டேட்டஸ் பிரைவசியில் `My contacts except...` இருக்கிறது.

இந்த முறை எல்லாருக்கும் ஆகாது. சண்டை இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், அல்லது ஒருவருக்கு மட்டும்தான் போட ஆசை என்றால், படமும் தேதியும் போதும். படி 3-இல் எவ்வளவு யோசித்தும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றாலும் அப்படியே செய்யுங்கள், இழுத்துப் பிடித்து எழுத வேண்டாம். போட்ட பிறகு ஒரு சொல் உறுத்தினால் அழிக்கத் தேவையில்லை, மேலே மூன்று புள்ளியைத் தட்டி `Edit` போட்டால் கேப்ஷனை மட்டும் மாற்றலாம். விழுந்த லைக்கும் கமென்ட்டும் அப்படியே இருக்கும்.