ரீஃபைன் எட்ஜ்: நான்கு ஸ்லைடர்களில் படத்தைப் பார்ப்பது ஒன்றுதான்

போட்டோஷாப்பில் ஓர் ஆளை வெட்டியெடுத்து வேறு பின்னணியில் வைக்கும்போது, முடி ஓரத்தில் வெள்ளைக் கோடு, தோள்பட்டையில் பல் பல்லாக ஓரம், இதெல்லாம் வரும். உடனே Select and Mask பலகத்தைத் திறந்து Radius, Smooth, Contrast, Shift Edge நான்கையும் இப்படியும் அப்படியும் இழுத்துப் பார்ப்போம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். ஏதோ ஒரு கட்டத்தில் சுமாராக வந்தால் ஓகே அழுத்திவிடுவேன், அடுத்த படத்தில் அதே எண்களைப் போட்டால் படம் கெட்டுப்போகும்.

இந்த நான்கில் ரேடியஸ் மட்டும்தான் உங்கள் புகைப்படத்தைப் பார்த்து வேலை செய்கிறது. மற்ற மூன்றும் படத்தைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று குறிக்கும் மாஸ்க்கில் இருக்கும் கறுப்பு, வெள்ளை, சாம்பலை மட்டுமே மாற்றுகின்றன. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். சுருட்டை முடியுள்ள பெண், வெள்ளைச் சட்டை, பின்னால் வெளிர் சாம்பல் சுவர். படத்தின் உயரம் சுமார் 3000 பிக்சல். இவரை அடர் நீலப் பின்னணிக்கு மாற்ற வேண்டும். வேண்டுமென்றேதான் இந்தப் படத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் முடி, சட்டை என்று ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு ஓரங்கள் இருக்கின்றன.

முதலில் குவிக் செலக்‌ஷன் டூலால் உடலையும் முடியின் அடர்த்தியான பகுதியையும் தேர்ந்தெடுங்கள். பறக்கும் இழைகளை இப்போது தொட வேண்டாம். பிறகு Alt+Ctrl+R அழுத்தினால் பலகம் திறக்கும். பழைய பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு Refine Edge என்ற பெயரில் இதே ஸ்லைடர்கள் இருக்கும். Remember Settings டிக் ஆகியிருந்தால் போன படத்தின் எண்கள் அப்படியே வந்து உட்கார்ந்திருக்கும், அதனால் எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு ஆரம்பியுங்கள்.

அடுத்து K விசையை அழுத்துங்கள். படம் மறைந்து மாஸ்க் மட்டும் கறுப்பு வெள்ளையில் தெரியும். வெள்ளை என்றால் தெரியும் பகுதி, கறுப்பு என்றால் மறையும் பகுதி, சாம்பல் என்றால் பாதி தெரியும் பகுதி. இப்போது முடியின் ஓரம் கத்தரிக்கோலால் வெட்டிய அட்டை மாதிரி இருக்கும்.

சரி, ரேடியஸை மெதுவாகக் கூட்டுங்கள். உங்கள் தேர்வின் ஓரத்தை ஒட்டி ஒரு பட்டை உருவாகிறது, அந்தப் பட்டைக்குள் மட்டும் எது ஆள், எது சுவர் என்று போட்டோஷாப் புகைப்படத்தைப் பார்த்து மறுபடி முடிவு செய்கிறது. ரேடியஸ் எண் அந்தப் பட்டையின் அகலத்தைத்தான் தீர்மானிக்கிறது. J விசையை அழுத்தினால் பட்டையை மட்டும் தனியாகக் காட்டும், ஒரு தடவையாவது அழுத்திப் பாருங்கள். 40 வரை கூட்டினால் முடி இழைகள் ஒவ்வொன்றாக வெளிப்படும், பார்க்கவே ஆசையாக இருக்கும். அதே நேரத்தில் தோள்பட்டைக்கு வாருங்கள். அங்கே சட்டையும் சுவரும் கிட்டத்தட்ட ஒரே நிறம், அதனால் எது எது என்று அதற்குப் பிடிபடவில்லை. சட்டைக்கு நடுவே சாம்பல் திட்டுகள் விழுந்திருக்கும். அப்படியே நீலப் பின்னணியில் வைத்தால் தோள் வழியாக நீலம் தெரியும்.

Smart Radius டிக் செய்தால் கூர்மையான ஓரம் உள்ள இடத்தில் பட்டை தானாகச் சுருங்கும். பல படங்களுக்கு அதுவே போதும். ஆனால் நிறங்கள் இவ்வளவு நெருக்கமாக இருக்கும்போது அதை நம்ப முடியாது. ஆகவே ரேடியஸை 2 அல்லது 3-இல் வையுங்கள். முடிக்கு வேறு வழி இருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

ஸ்மூத் என்பது ஓரத்தின் மேடு பள்ளங்களைத் தேய்த்துச் சமமாக்குவது. குவிக் செலக்‌ஷன் விட்டுச்செல்லும் பல் பல்லான ஓரத்துக்கு 3 முதல் 5 வரை போட்டால் தோள் கோடு ஒழுங்காகும். 30-க்குப் போனால் சட்டைக் காலரின் முனை மழுங்கிவிடும், விரல்களுக்கு நடுவே உள்ள இடுக்கு மூடிக்கொள்ளும். முடி இழையும் அதற்கு ஒரு மேடுதான், அதையும் தேய்த்துவிடும். ரேடியஸில் பாடுபட்டுக் கொண்டுவந்த இழைகளை ஸ்மூத்தில் தொலைப்பவர்கள் நிறைய.

கான்ட்ராஸ்ட் சாம்பலை இரண்டு பக்கமும் விரட்டுகிறது. பாதிக்கு மேல் வெளுப்பாக இருப்பது இன்னும் வெளுக்கும், பாதிக்குக் கீழே இருப்பது கறுக்கும். மங்கிய தோள் ஓரத்துக்கு 10, 15 போட்டால் கோடு திடமாகும். முடியில் இதே எண் வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஓர் இழை நீள நெடுக ஒரே அளவு சாம்பலாக இருக்காது, இல்லையா? வெளுத்த துண்டுகள் நிற்கும், மங்கிய துண்டுகள் மறைந்துவிடும், இழை புள்ளிக்கோடு மாதிரி அறுந்து தெரியும். முடியில் அப்படிப் பார்த்தால் கான்ட்ராஸ்ட்டைக் குறையுங்கள்.

ஷிஃப்ட் எட்ஜ்தான் அதிகம் குழப்புவது. மைனஸில் இழுத்தால் ஓரம் உள்ளே போகும், பிளஸில் வெளியே வரும், சரிதான். ஆனால் ஒரு சோதனை செய்யுங்கள்: மற்ற எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வைத்துவிட்டு இதை மட்டும் இழுங்கள். கிட்டத்தட்ட எதுவும் நகராது. காரணம், இது நகர்த்துவதே அந்தச் சாம்பல் பகுதிக்குள்தான். ரேடியஸோ, ஓரத்தை மங்கலாக்கும் ஃபெதர் ஸ்லைடரோ கொஞ்சம் சாம்பல் உண்டாக்கியிருந்தால்தான் இதற்கு வேலை. "ஷிஃப்ட் எட்ஜ் வேலை செய்யவில்லை" என்று தோன்றும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

தோள் ஓரத்தில் சுவரின் வெளிர் கோடு ஒட்டிக்கொண்டிருந்தால் -15 வரை போதும். அதை On Layers காட்சியில், அதாவது Y அழுத்தி, அடியில் நீல லேயரை வைத்துப் பார்த்துதான் முடிவு செய்ய வேண்டும். வெள்ளைப் பின்னணியில் பார்த்தால் வெளிர் கோடு கண்ணுக்கே தெரியாது. மைனஸ் 50, 60 என்று போனால் மெல்லிய இழைகள் முழுசாகவே சாம்பல் என்பதால் அவை முதலில் காணாமல் போகும்.

இந்த மூன்றும் மாஸ்க் முழுவதற்கும் ஒன்றாக வேலை செய்பவை, சட்டைக்கு மட்டும் என்று சொல்ல முடியாது. அதனால் நான் இரண்டு சுற்றாகச் செய்கிறேன். முதல் சுற்று சட்டைக்கு: ரேடியஸ் 3, ஸ்மூத் 4, கான்ட்ராஸ்ட் 10, ஷிஃப்ட் எட்ஜ் -15. Output To-வில் Selection தேர்ந்தெடுத்து ஓகே. திரும்ப Alt+Ctrl+R அழுத்தி, நான்கையும் பூஜ்யமாக்கி, ரீஃபைன் எட்ஜ் பிரஷை எடுத்து முடியின் ஓரத்தில் மட்டும் பூசுங்கள். அந்த பிரஷ் படுகிற இடத்தில் மட்டும் ரேடியஸ் செய்கிற அதே தேடல் நடக்கும், தோள் தப்பித்துவிடும்.

அப்புறமும் இழைகளில் சுவரின் வெளிர் நிறம் தெரிந்தால் ஷிஃப்ட் எட்ஜைத் தொடாதீர்கள். Decontaminate Colors டிக் செய்யுங்கள், அது பக்கத்து முடியின் நிறத்தை அந்தப் பிக்சல்களில் நிரப்பும். பிக்சலின் நிறத்தையே மாற்றுவதால் விளைவு புது லேயராகத்தான் வெளியே வரும், பழைய லேயர் அடியில் கண் அணைந்து அப்படியே இருக்கும். அதை அழித்துவிடாதீர்கள், தோள் ஓரத்தில் நிறம் விநோதமாக மாறியிருந்தால் அங்கிருந்துதான் திரும்ப எடுக்க வேண்டியிருக்கும்.