50 லட்சத்தைத் தாண்டியவர்கள் சர்சார்ஜில் செய்யும் தவறுகள்

வருமானம் 50 லட்சத்தை ஒட்டி வந்து நிற்பவர்களுக்குத்தான் இது. 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறையை வைத்தே எல்லாக் கணக்கையும் போடுகிறேன். மொத்த வருமானம் 50 லட்சத்தைத் தாண்டினால் வரியின் மேல் 10 சதவீதம் சர்சார்ஜ், ஒரு கோடியைத் தாண்டினால் 15, இரண்டு கோடியைத் தாண்டினால் 25. அதற்கு மேலும் 4 சதவீத செஸ் உண்டு.

பலர் சறுக்கும் முதல் இடம் இதுதான்: 50 லட்சத்துக்கு மேலே இருக்கும் தொகைக்கு மட்டும்தான் சர்சார்ஜ் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஸ்லாப் அப்படித்தான் வேலை செய்யும், சர்சார்ஜ் அப்படி இல்லை. எல்லையை ஒரு ரூபாய் தாண்டினாலும் மொத்த வரிக்கும் சேர்த்து 10 சதவீதம் விழும். 50 லட்சத்துக்கு வரி 10,80,000 ரூபாய். சரியாக 50 லட்சத்தில் நின்றால் சர்சார்ஜ் இல்லை. ஒரு ரூபாய் கூடினால் ஒரு லட்சத்து எட்டாயிரம் கூடுதலாகக் கட்ட வேண்டிவரும், இது அநியாயம் என்பதால்தான் மார்ஜினல் ரிலீஃப் என்ற சலுகையே வந்தது.

அது எப்படி வேலை செய்கிறது என்று ஒரு உதாரணத்தில் பார்த்துவிடலாம். ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எல்லாம் போக ஒருவருடைய மொத்த வருமானம் 51 லட்சம். வரி 11,10,000, அதில் 10 சதவீத சர்சார்ஜ் 1,11,000, ஆக 12,21,000. 50 லட்சத்தில் நின்றிருந்தால் 10,80,000 மட்டும். வருமானம் ஒரு லட்சம் கூடியதற்கு வரி 1,41,000 கூடியிருக்கிறது. வருமானம் கூடிய அளவுக்கு மேல் வரி கூடக்கூடாது என்பதால் மிச்சம் 41,000 ரிலீஃபாகக் கழிந்துவிடும். சர்சார்ஜ் 70,000 ஆகக் குறைந்து, வரியும் சர்சார்ஜும் சேர்ந்து 11,80,000 ஆகும்.

கணக்கு இதோடு முடிந்தது என்று நினைப்பது அடுத்த தவறு. செஸ் இன்னும் போடவில்லை, அது ரிலீஃப் கழித்த பிறகு வரும் தொகையில்தான் கணக்கிடப்படும். 11,80,000-க்கு 47,200 செஸ், மொத்தம் 12,27,200. 50 லட்சக்காரர் செஸ்ஸோடு கட்டுவது 11,23,200. வித்தியாசம் 1,04,000! அதாவது ஒரு லட்சம் கூடுதலாகச் சம்பாதித்தவர் கையில், 50 லட்சத்தோடு நின்றவரைவிட 4,000 ரூபாய் குறைவாகத்தான் நிற்கும். "கூடுதல் வருமானத்தைவிடக் கூடுதல் வரி ஒருபோதும் வராது" என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது செஸ்ஸுக்கு முந்தைய கணக்குக்கு மட்டும்தான் பொருந்தும்.

இந்த ரிலீஃப் எதுவரை கிடைக்கும்? சுமார் 51 லட்சத்து 61 ஆயிரம் வரை. அதற்கு மேல் போனால் 10 சதவீதமும் முழுசாக வந்துவிடும். ஆகவே 50 லட்சத்துக்கும் 51.61 லட்சத்துக்கும் நடுவில் வரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் 1 ரூபாய் 4 காசு வரி போகிறது. கையில் நிற்கும் தொகை 50 லட்சத்தில் இருந்த அளவுக்குத் திரும்பி வரவே வருமானம் ஏறக்குறைய 51.71 லட்சம் ஆக வேண்டும். ரிலீஃப் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடுவதைத்தான் நான் பெரிய தவறு என்பேன். ரிலீஃப் கிடைக்கிறது என்றாலே, அந்த ஒன்றரை லட்சத்தில் உங்களுக்கு ஒன்றும் மிஞ்சாத இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். மார்ச் 31-க்கு முன்பே தெரிந்தால் ஏதாவது செய்யலாம். புதிய வரிமுறையிலும் கம்பெனி உங்கள் என்பிஎஸ் கணக்கில் போடும் தொகைக்கு, அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை கழிவு உண்டு. சம்பளத்துக்குள்ளேயே அதற்கு ஒரு லட்சம் ஒதுக்கச் சொல்லி எச்ஆரிடம் முன்கூட்டியே பேசியிருந்தால், மேலே சொன்ன 51 லட்சக்காரருக்கு வரியில் 1,04,000 மிச்சம், அந்த ஒரு லட்சமும் அவர் பெயரிலேயே என்பிஎஸ்ஸில் இருக்கும். விற்க நினைத்த ஃபண்டை ஏப்ரலில் விற்பது இன்னொரு வழி.

ஃபண்ட் என்றதும் அதிலேயே ஒரு பொறி இருக்கிறது. பங்கு, ஈக்விட்டி ஃபண்ட் இவற்றில் வரும் நீண்டகால லாபத்தில் 1.25 லட்சம் வரை வரி இல்லை, அதனால் அது கணக்கிலேயே வராது என்று நினைத்துக்கொள்கிறோம். வரிதான் இல்லையே தவிர, அந்த லாபம் மொத்த வருமானத்தில் சேரும். சம்பளம் 49.2 லட்சம், வரி இல்லாத லாபம் 1.2 லட்சம் என்றால் மொத்தம் 50.4 லட்சம், எல்லை தாண்டியாயிற்று. ரிலீஃப் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கும், ஆனால் வரியே இல்லை என்று நம்பி விற்ற லாபத்தால் சர்சார்ஜ் கட்ட வேண்டிவரும்.

ஒரு கோடியை ஒட்டி இருப்பவர்கள் கையால் கணக்குப் போடும்போது வேறு தவறு வரும். 1.01 கோடி வருமானத்துக்கு வரி 26,10,000, 15 சதவீத சர்சார்ஜோடு 30,01,500. இதை ஒரு கோடிக்கான வெறும் வரியோடு, அதாவது 25,80,000-உடன் ஒப்பிட்டால் மூன்று லட்சத்துக்கு மேல் ரிலீஃப் வருவதுபோல் தெரியும். அது தப்பு. ஒரு கோடி வருமானத்துக்கே 10 சதவீத சர்சார்ஜ் உண்டு, அதையும் சேர்த்து 28,38,000-உடன்தான் ஒப்பிட வேண்டும். அதனுடன் கூடுதல் ஒரு லட்சத்தைச் சேர்த்தால் உச்ச வரம்பு 29,38,000, உண்மையான ரிலீஃப் 63,500 மட்டுமே.

அப்புறம், டிடிஎஸ். வருடத்தின் நடுவில் வேலை மாறியவர்கள் இதில் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். பழைய கம்பெனியில் 26 லட்சம், புதிய கம்பெனியில் 26 லட்சம் என்றால் இரண்டு பேர் கணக்கிலும் 50 லட்சம் தாண்டவில்லை, யாரும் சர்சார்ஜ் பிடித்திருக்க மாட்டார்கள். போதாததற்கு, ஆரம்ப ஸ்லாபுகளின் பலனையும் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனையும் இருவருமே கொடுத்திருப்பார்கள். ரிட்டர்ன் போடும்போது மொத்தமாக வந்து நிற்கும், அதோடு அட்வான்ஸ் டாக்ஸ் கட்டாததற்கு 234B, 234C பிரிவுகளில் மாதம் ஒரு சதவீத வட்டியும் சேரும். பழைய கம்பெனியின் சம்பள விவரத்தைச் சேர்ந்தவுடனே புதிய இடத்தில் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

நேர்மாறாகவும் நடக்கும். பேரோல் ஆட்கள் ரிலீஃபைக் கவனிக்காமல் 10 சதவீதத்தை முழுசாகப் பிடித்திருக்கலாம். ஃபார்ம் 16-இன் இரண்டாம் பகுதியில் சர்சார்ஜ் என்று தனியாக ஒரு தொகை இருக்கும், அதை நீங்கள் போட்ட கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 51 லட்சக்காரருக்கு அங்கே 70,000 இருக்க வேண்டிய இடத்தில் 1,11,000 இருந்தால் கூடுதலாகப் பிடித்திருக்கிறார்கள், ரிட்டர்னில் அது ரீஃபண்டாக வந்துவிடும். மொத்த வருமானம் 50 லட்சத்தைத் தாண்டியதால் ITR-1 போட முடியாது, வியாபார வருமானம் இல்லாதவர்களுக்கு ITR-2. அதில் Part B-TTI பகுதியில் ரிலீஃபுக்கு முந்தைய சர்சார்ஜ், பிந்தைய சர்சார்ஜ் என்று இரண்டும் தனித்தனியாக வரும். ரிலீஃப் கிடைக்க வேண்டிய வருமானத்தில் இருந்தும் இரண்டிலும் ஒரே தொகை வந்தால், சமர்ப்பிக்காமல் ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.