மண்ணிலிருந்து கசியும் கார்பன் டை ஆக்சைடை ஒரு வாளியால் அளப்பது எப்படி?

எரிமலைப் பகுதிகளில் மண்ணிலிருந்து ஓசையின்றிக் கசியும் கார்பன் டை ஆக்சைடை அளக்க, ஆய்வாளர்கள் ஒரு மூடிய அறையைத் தரைமேல் கவிழ்த்து, அதற்குள் வாயு எவ்வளவு வேகமாகச் சேர்கிறது என்று பார்க்கிறார்கள். வேலூர் மாவட்டத்தில் எரிமலை இல்லை. நமக்குக் கீழே இருப்பது பழமையான நைஸ் பாறையும் கருங்கல்லும்தான். ஆனால் வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சுவிடுவதால் நம் மண்ணும் இதே வாயுவைச் சிறிதளவு வெளியிடுகிறது. கணியம்பாடிப் பக்கம் ஒரு வேர்க்கடலை நிலத்தில் நான் செய்து பார்த்த முறையை இங்கே எழுதுகிறேன். நம் மண்ணின் அளவு தெரிந்தால்தான் எரிமலை மண்ணின் அளவு எவ்வளவு கொடியது என்பது விளங்கும்.

உணரியைத் தேர்ந்தெடுப்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அகச்சிவப்பு ஒளியை வாயு உறிஞ்சும் அளவைக் கொண்டு அளக்கும் உணரி மட்டுமே இதற்குப் பயன்படும். நான் பயன்படுத்துவது MH-Z19B. மலிவாகக் கிடைக்கும் MQ-135 போன்றவை வேறு வாயுக்களுக்கும் அசைந்து கொடுப்பவை. அவற்றின் எண்ணைக் கார்பன் டை ஆக்சைடு என்று நம்பவே கூடாது. உணரியை ஆர்டுயினோ என்ற சிறிய மின்னணுப் பலகையுடன் இணைப்பது பற்றி இணையத்தில் நிறைய இருப்பதால் அதைத் தாண்டிச் செல்கிறேன். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். இந்த உணரி ஒரு நாளில் தான் கண்ட மிகக் குறைந்த அளவையே வெளிக்காற்று என்று எடுத்துக்கொண்டு, தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். மூடிய இடத்தில் வைத்திருந்தால் அந்தத் திருத்தம் எல்லா அளவையும் கெடுத்துவிடும். அதை நிறுத்தும் கட்டளை இது:

```
FF 01 79 00 00 00 00 00 86
```

அடுத்து வாளி. வாய் 30 செ.மீ. அகலமுள்ள பிளாஸ்டிக் வாளியின் உள்ளே உணரியையும், காற்றைக் கலக்க ஒரு சிறிய மின்விசிறியையும் பொருத்துங்கள். அடிப்பகுதியில் ஊசித்துளை அளவு ஒரு துளை வேண்டும். அது இல்லாவிட்டால் கவிழ்க்கும்போது உள்ளே அழுத்தம் கூடி, மண்ணிலிருந்து வர வேண்டிய வாயுவைத் தடுத்துவிடும். இவற்றைச் செய்வதற்கு முன்பே வாளிக்குள் தண்ணீர் ஊற்றிக் கொள்ளளவைப் பார்த்து, அதை வாயின் பரப்பால் வகுத்தால் கணக்குக்குரிய உயரம் கிடைக்கும். என் வாளியில் அது 0.2 மீட்டர்.

பெரும்பாலோர் தடுமாறுவது வாளி மண்ணைத் தொடும் இடத்தில்தான். நம் செம்மண் காய்ந்தால் கல்லாகிவிடும். விளிம்புக்கும் தரைக்கும் இடையே நூலிழை இடைவெளி இருந்தாலும் வாயு வெளியேறிவிடும். அளக்கும் நேரத்தில் மண்ணைக் கொத்தி வாளியை அழுத்தினாலோ, மண்ணுக்குள் தேங்கியிருந்த வாயு ஒரேயடியாகக் கிளம்பி அளவை உயர்த்திக் காட்டும். ஆகவே அதே அகலத்தில் ஒரு வளையத்தை முந்தைய நாளே சில செ.மீ. ஆழத்துக்கு இறக்கி, சுற்றிலும் ஈரக்களிமண் பூசி விட்டுவிடுங்கள். மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன் வாளியை அந்த வளையத்தின்மேல் பொருத்தினால் போதும். மழை பெய்த மறுநாள் அளக்க வேண்டாம். ஈரம் பட்டதும் நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாகி அளவு பல மடங்கு கூடிவிடும்.

ஐந்து நிமிடம் மட்டும் பதிவு செய்யுங்கள். அதற்கு மேல் போனால் உள்ளே சேர்ந்த வாயுவே புதிய வாயுவைத் தடுக்கத் தொடங்கி, கோடு வளைந்துவிடும். தொடக்கத்தில் நேராக ஏறும் பகுதிதான் நமக்கு வேண்டும். வேர்க்கடலை நிலத்தில் 450 பிபிஎம்மில், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 450 பங்கில், தொடங்கிய அளவு ஐந்து நிமிடத்தில் 600 ஆனது. அதாவது நிமிடத்துக்கு 30 பிபிஎம். நம் ஊர் வெப்பத்தில் ஒரு கன மீட்டர் கார்பன் டை ஆக்சைடின் எடை ஏறத்தாழ 1770 கிராம்.

```
0.000030 × 0.2 × 1770 × 1440 ≈ 15
```

1440 என்பது ஒரு நாளின் நிமிடங்கள். விடை, ஒரு சதுர மீட்டர் மண்ணிலிருந்து நாளொன்றுக்கு 15 கிராம். உயிருள்ள மண்ணுக்கு இது இயல்பான அளவு.

இனி இதே வாளியைக் கலிபோர்னியாவில் மாமத் என்ற எரிமலையின் அடிவாரத்தில் உள்ள ஹார்ஸ்ஷூ ஏரிக்கரையில் கவிழ்ப்பதாக எண்ணிப் பாருங்கள். 1989இல் அங்கே பல மாதங்கள் சிறு நிலநடுக்கங்கள் தொடர்ந்தன. மறு ஆண்டு மரங்கள் பட்டுப்போகத் தொடங்கின. வறட்சியோ பூச்சியோ காரணமாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். பிறகு மண்ணைத் துளைத்துப் பார்த்தபோது, வேர்களைச் சுற்றியிருந்த காற்றில் 20 விழுக்காட்டுக்கு மேல், சில இடங்களில் 90 விழுக்காடு வரை கார்பன் டை ஆக்சைடு இருந்தது. வேர்கள் உயிர்வாயு கிடைக்காமல் செத்திருந்தன. அத்தகைய இடங்களில் கசிவு நாளொன்றுக்குச் சதுர மீட்டருக்கு ஆயிரக்கணக்கான கிராம். 3000 கிராம் என்று வைத்துக்கொண்டால், நம் நிலத்தைப் போல 200 மடங்கு. 5000 பிபிஎம் வரை மட்டுமே காட்டும் உணரி ஒரு நிமிடத்துக்குள் தன் எல்லையைத் தொட்டுவிடும்.

ஆனால் திறந்த வெளியில் காற்று வீசும்போது அந்தக் கசிவும் கலைந்துபோகும். இந்த வாயு காற்றைப் போல ஒன்றரை மடங்கு கனமானது. காற்றோட்டம் இல்லாத பள்ளம், நிலவறை, பனி மூடிய குடில் போன்றவற்றில் அடியிலிருந்து நிரம்பிக்கொண்டே வரும். 1990இல் அந்த ஏரிக்கருகே பனியால் மூடப்பட்ட ஒரு குடிலுக்குள் இருந்த வனத்துறைக் காவலருக்கு மூச்சுத்திணறல் ஏற்பட்டது இப்படித்தான். தலை தாழ்ந்து மேயும் ஆடுமாடுகளும், சிறு குழந்தைகளும், குனிந்து வேலை செய்பவர்களும் முதலில் பாதிக்கப்படுவதற்கும் இதுவே காரணம்.

உயிர்வாயு குறைவதால் மட்டுமே மனிதர் இறக்கிறார் என்று எண்ணுவது ஆபத்தான பிழை. கார்பன் டை ஆக்சைடு இரத்தத்தை அமிலமாக்கி மூளையைத் தானே தாக்குகிறது. காற்றில் 5 விழுக்காடு இருந்தால் மூச்சு வாங்கும், தலை வலிக்கும். 10 விழுக்காட்டில் சில நிமிடங்களில் நினைவு தப்பும். 30 விழுக்காட்டை நெருங்கினால் சில மூச்சுகளிலேயே ஆள் சரிந்துவிடுவார். இப்போது உயிர்வாயு அளவியைப் பாருங்கள். வெளிக்காற்றில் உயிர்வாயு 20.9 விழுக்காடு. அதில் 5 விழுக்காட்டு இடத்தைக் கார்பன் டை ஆக்சைடு பிடித்துக்கொண்டாலும் உயிர்வாயு 19.8க்குக் கீழே இறங்காது. அந்த அளவிகள் பெரும்பாலும் 19.5க்குக் கீழே போனால்தான் ஒலிக்கும். அதாவது தலை சுற்றத் தொடங்கிய பிறகும் கருவி மௌனமாக இருக்கும்.

ஏரிகளில் இந்த வாளி முறை பாதி உண்மையையே சொல்லும். காமரூனில் உள்ள நியோஸ் ஏரி 200 மீட்டருக்கு மேல் ஆழமுடையது. அடியில் கசிந்த வாயு, மேலுள்ள நீரின் அழுத்தத்தால், மூடிய சோடா பாட்டிலில் போலக் கரைந்தே கிடந்தது. மேற்பரப்பில் அளந்திருந்தால் அந்தச் சேமிப்பு தெரிந்திருக்காது. 1986 ஆகஸ்ட் 21 இரவு அடிநீர் மேலெழுந்து அழுத்தம் விட்டதும், வாயு மேகமாகக் கிளம்பிப் பள்ளத்தாக்குகளில் இறங்கி, 25 கி.மீ. தொலைவு வரை ஏறத்தாழ 1,700 பேரைக் கொன்றது. 2001 முதல் அங்கே ஆழத்திலிருந்து குழாய் வழியே அடிநீரை மேலேற்றி, வாயுவைச் சிறிது சிறிதாக வெளியேற்றி வருகிறார்கள்.

பின்சேர்க்கை: ஆரணியிலிருந்து ஒரு வாசகர், இதே உணரியைக் கயிற்றில் கட்டி, தூர்வார வேண்டிய பழைய கிணற்றுக்குள் இறக்கலாமா என்று கேட்டிருந்தார். கிணற்றில் தேங்குவது எரிமலை வாயு அன்று. அழுகும் இலைதழையிலிருந்தும் மண்ணிலிருந்தும் வருவது. கேடு ஒன்றே. இந்த உணரி வேண்டாம் ஐயா: 5000 பிபிஎம் என்பது அரை விழுக்காடுதான், அதற்கு மேல் எவ்வளவு இருந்தாலும் அது வேறுபடுத்திக் காட்டாது. விழுக்காட்டில் அளக்கும் உணரி வேண்டும். கிணற்று வாயில் அன்று, அடியில் அளக்க வேண்டும். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தில், விளக்கு அணைந்தால் இறங்கக் கூடாது என்பது சரி. எரிந்தால் இறங்கலாம் என்பது சரியன்று, ஏனெனில் மனிதர் மயங்கும் அளவிலும் சுடர் எரிந்துகொண்டிருக்கலாம். அடிவரை குழாய் விட்டு ஊதுவிசிறியால் காற்றைச் செலுத்துங்கள். பிறகு விசிறியை நிறுத்தி, கால் மணி நேரம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள். சுவரின் வெடிப்புகளிலிருந்து வாயு திரும்பவும் வந்து சேர்ந்தால், ஆள் உள்ளே இருக்கும் நேரம் முழுவதும் விசிறி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இறங்குபவரின் இடுப்பில் கயிறும், அதை மேலிருந்து இழுக்க ஆட்களும் இருக்க வேண்டும். உள்ளே ஒருவர் சரிந்தால் அவரைத் தூக்க இன்னொருவர் இறங்கக் கூடாது.